குடும்பக் குழு: நித்யாவின் செலவு அட்டவணை

நித்யா: பெரியப்பா, இந்த மாதம் முதல் வீட்டுச் செலவைக் கணினியில் எழுதுகிறேன். பால், காய்கறி, மளிகை, பெட்ரோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை வைத்ததில் பதினேழு ஆகிவிட்டன. கைப்பேசியில் திறந்தால் பாதிதான் தெரிகிறது. எவற்றை நீக்கலாம்?

செல்வி சித்தி: எதையும் நீக்காதே. நான் இருபது ஆண்டுகளாக நோட்டில் அப்படித்தான் கோடு போட்டு எழுதுகிறேன். மாதக் கடைசியில் ஒவ்வொன்றையும் கீழே கூட்டினால் போதும்.

பெரியப்பா: நோட்டுக்கு அது பொருந்தும், செல்வி. ஆனால் நாளை பல் வைத்தியரிடம் போனால் நித்யா பதினெட்டாவது நெடுவரிசையைத் தேட வேண்டியிருக்கும். ஒரு செலவுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டால் தேதி, விவரம், வகை, தொகை (ரூ.) என்ற நான்கு நெடுவரிசைகளே போதும், ‘பால்’ என்பது தலைப்பாக நிற்காமல், ‘வகை’யின் கீழ் எழுதும் சொல்லாகிவிடும். ரூபாய் என்பது தலைப்பிலேயே இருக்கட்டும், கட்டத்துக்குள் ‘ரூ.450’ என்று எழுதினால் கணினி அதை எழுத்தாகக் கருதிக் கூட்டலில் விட்டுவிடும்.

முரளி அண்ணன்: எங்கள் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 1,640 ரூபாய் வருகிறது. அதைப் பாதியாகப் பிரித்து எழுதலாமா?

பெரியப்பா: கட்டிய நாளில் முழுத் தொகையையும் எழுது. மாதத் திட்டம் போடும்போது மட்டும் 820 என்று வை.

நித்யா: F நெடுவரிசையில் வகைகளை எழுதி, பக்கத்தில் இந்தச் சூத்திரத்தைப் போட்டேன்.

```
=SUMIF(C:C,F2,D:D)
```

தொகை நெடுவரிசையின் கூட்டல் 21,640 என்று வருகிறது. வகைகளின் கூட்டலோ 20,860தான்.

பெரியப்பா: விடுபட்ட 780ஐ எந்தப் பெயரில் எழுதினாய் என்று ‘வகை’யில் தேடு.

நித்யா: ஓர் இடத்தில் ‘மளிகை’ என்றும் இன்னோர் இடத்தில் ‘மளிகை சாமான்’ என்றும் எழுதியிருக்கிறேன்!

பெரியப்பா: சூத்திரத்துக்கு அவை இரண்டு வேறு வகைகள். எட்டு அல்லது ஒன்பது பெயர்களை முடிவு செய்து, தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிடு. இரண்டு கூட்டல்களையும் அருகருகே வைத்திருந்தால், இத்தகைய பிழை அன்றே கண்ணில் படும். ‘இதர’ என்ற வகையில் மட்டும் கவனமாக இரு. சோம்பேறித்தனம் முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும்.

செல்வி சித்தி: மாதச் சீட்டுக்குக் கட்டும் 2,000 ரூபாய் எந்த வகையில் வரும், அத்தான்? கையிலிருந்து போகிறது என்பதால் அது செலவுதானே?

பெரியப்பா: அது திரும்பி வரும் பணம், செலவில் சேர்த்தால் மாதம் பெரிதாகத் தெரியும்.

முரளி அண்ணன்: அப்பா, சேர்க்காவிட்டால் மாதக் கடைசியில் கையிருப்பு ஒத்துப்போகாதே.

நித்யா: இப்போதைக்குச் ‘சேமிப்பு’ என்று தனி வகையாக எழுதி வைக்கிறேன், கூட்டலில் சேர்ப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்வோம்.