கைலாயமா, மலர்ப் பள்ளத்தாக்கா, அங்கோரா: முதலில் எதற்குப் போவது?

தஞ்சைத் தலையாட்டி

ஓராண்டாக ஒரு நோட்டில் ஆசைப்பட்ட ஊர்களை எழுதி வருகிறேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் மேலே பன்னிரண்டு மாதங்களையும் கட்டம் போட்டு, போகக்கூடிய மாதங்களை மட்டும் பென்சிலால் நிழலிடுவேன். கீழே எவ்வளவு உயரம், எவ்வளவு நடை, யார் அனுமதி தர வேண்டும் என்று மூன்று வரிகள். சில மாதங்கள் கழித்துப் புரட்டும்போது மனம் எந்தப் பக்கத்தில் நிற்கவில்லையோ அதை அடித்துவிடுவேன். துபாய், சுவிட்சர்லாந்து எல்லாம் அப்படித்தான் போயின.

மிஞ்சியவை மூன்று: கைலாய மானசரோவர், உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு, கம்போடியாவின் அங்கோர் வாட். என் கணவருக்கு 68 வயது, எனக்கு 61. நோட்டைப் பார்த்தால் ஒரு சிக்கல் கண்ணில் படுகிறது. கைலாயத்துக்கு நிழலிட்டது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பள்ளத்தாக்குக்கு ஜூலையும் ஆகஸ்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அங்கோர் மட்டும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தனியாக நிற்கிறது. இப்படி வரிசை போட்டுப் பார்த்தவர்கள் எதை வைத்து முதலிடம் கொடுத்தீர்கள்?

பயணப் பிரியன்_கோவை

டிசம்பரில் போவதானால் அங்கோருக்கே போங்கள் அம்மா. சென்ற குளிர்காலத்தில் நாங்கள் போனோம். ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாளையும் அடுத்தடுத்துச் செலவழிக்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஒரு நாள் கோவில், ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எத்தனை பேர்? எங்களுக்கு அமைந்த வழிகாட்டியின் எண்ணை அனுப்புகிறேன்.

தஞ்சைத் தலையாட்டி

நன்றி தம்பி. இந்த டிசம்பருக்காகக் கேட்கவில்லை. மூன்றுக்குமே போக வேண்டும், எது முதலில் என்பதுதான் கேள்வி.

நந்தாதேவி

பல ஆண்டுகள் கார்வால் பக்கம் குழுக்களை அழைத்துப் போனவன் நான். அம்மா, உங்கள் நோட்டில் நான்காவதாக ஒரு வரி வேண்டும்: இந்தக் கதவு எப்போது மூடும்? அங்கோர் எழுபத்தைந்து வயதுக்காரரையும் ஏற்றுக்கொள்ளும். பள்ளத்தாக்குக்கு வயது வரம்பு கிடையாது, முழங்கால்தான் வரம்பு. அரசு நடத்தும் கைலாய யாத்திரைக்கோ அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று 70 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஐயாவுக்கு இன்னும் இரண்டு மூன்று வாய்ப்புகள்தான் இருக்கின்றன. அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால். 2020 முதல் நின்றிருந்த யாத்திரை 2025-இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியாக 5 குழுக்கள், சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாக 10, குழுவுக்கு 50 பேர். நாடு முழுவதுக்கும் இவ்வளவுதான்.

வயதைவிட எடையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உடல் நிறை குறியீடு 25-க்கு மேல் போகக் கூடாது. ஐயாவின் உயரம், எடை என்ன?

தஞ்சைத் தலையாட்டி

165 சென்டிமீட்டர், 74 கிலோ.

நந்தாதேவி

அப்படியானால் 27-ஐத் தாண்டுகிறது. அந்த உயரத்துக்கு 68 கிலோதான் எல்லை, ஆறு கிலோ குறைய வேண்டும். குலுக்கலில் பெயர் வந்த பிறகு தொடங்கினால் முடியாது. தேர்வுக்கும் புறப்பாட்டுக்கும் நடுவே சில வாரங்களே கிடைக்கும், டெல்லியில் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. லிபுலேக் வழியில் போகிறவர்களை மேலே குஞ்சியில் மறுபடியும் சோதிப்பார்கள், அங்கிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அரசமரத்தடி

இவ்வளவு கவலை எதற்கு? நேபாளம் வழியாகத் தனியார் அழைத்துப் போகிறார்கள். குலுக்கலும் இல்லை, இந்த எடைக் கணக்கும் இல்லை. பணம் கட்டினால் போதும். என் மைத்துனர் அப்படித்தான் போய் வந்தார்.

நந்தாதேவி

குலுக்கல் இல்லை என்பது சரி ஐயா. ஆனால் கைலாயத்தைச் சுற்றும் பாதையில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் எந்த வழியில் போனாலும் 5,600 மீட்டருக்கு மேல்தான். மூன்று நாளில் ஐம்பது கிலோமீட்டருக்குமேல் நடக்கும் பரிக்ரமாவும் மாறாது. தனியார் பயணத்தில் நாட்களை மிச்சப்படுத்த வேகமாக மேலே ஏற்றிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். தலைவலியோடு வாந்தியும் வந்து, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால் உடனே கீழே இறக்க வேண்டும். அந்த இடத்தில் பணம் கைகொடுக்காது. உங்கள் மைத்துனர் பரிக்ரமா செய்தாரா?

அரசமரத்தடி

மானசரோவரில் நீராடிவிட்டுத் திரும்பினார். மலையைச் சுற்றவில்லை. அவருக்கு அதுவே நிறைவாக இருந்தது.

குறிஞ்சிநிலம்

என் கதை வேறு. 2018-இல் மூணாறில் நீலக்குறிஞ்சி பார்க்கத் திட்டமிட்டிருந்தோம். ஆகஸ்டில் கேரளத்தையே புரட்டிப்போட்ட வெள்ளம், நிலச்சரிவு. மூணாறுச் சாலைகள் துண்டிக்கப்பட்டன, எங்கள் அறைப் பதிவும் போயிற்று. அடுத்து அங்கே மலை முழுக்கப் பூப்பது 2030-இல். அதனால் எங்கள் பட்டியலில் முதலிடம் குறிஞ்சிக்குத்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதைவிட வேறெது அவசரம்?

நந்தாதேவி

தேதி தெரிந்த ஒன்று மற்றவற்றோடு போட்டியிடவே வேண்டாம் என்பேன். 2030 ஆகஸ்ட், செப்டம்பர் என்று எழுதி ஒதுக்கிவையுங்கள், அதற்கு முந்தைய ஆண்டுகள் மற்றவற்றுக்கு. மழையின் தயவு மட்டும் அங்கேயும் வேண்டும்.

தஞ்சைத் தலையாட்டி

கைலாயத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் அந்த ஆண்டின் பள்ளத்தாக்கு கைவிட்டுப் போகாதா?

நந்தாதேவி

போகாது, தேதிகள் ஒத்துழைக்கின்றன. 2025-இல் குலுக்கல் மே மாதம் நடந்தது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பள்ளத்தாக்கு நன்றாகப் பூப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. பெயர் வராவிட்டால் மே கடைசியில் உட்கார்ந்து ஜூலைக் கடைசிக்கு டெல்லி டிக்கெட் எடுக்கலாம். ஜூன் தொடக்கத்தில் போனால் பாதையில் பனிதான் கிடக்கும், ஆகஸ்ட் முடிந்தால் செடிகள் மஞ்சளாகத் தொடங்கிவிடும்.

ரிஷிகேஷிலிருந்து கோவிந்த்காட் போக ஒரு முழுப் பகல். அதற்கு அருகிலுள்ள புல்னாவிலிருந்து, பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் காங்கரியாவுக்குப் பத்து கிலோமீட்டர் ஏற்றம், அதுவரை கோவேறு கழுதை கிடைக்கும். பள்ளத்தாக்குக்குள் தங்க முடியாது, காலையில் போய் மாலைக்குள் காங்கரியா திரும்ப வேண்டும். மழைக்காலம் என்பதால் ஜோஷிமட் சாலையில் மண் சரிந்து ஒரு நாள், இரண்டு நாள் நிற்க நேரும். திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியே எடுங்கள். காங்கரியா 3,000 மீட்டர் உயரம். அங்கே ஐயாவின் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் அடுத்த ஆண்டு கைலாயத்துக்கும் ஒரு கணிப்பு கிடைக்கும்.

மதுரை மருமகள்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் மாமியாரை முதலில் கடினமான மலைக்குக் கூட்டிப் போனோம். முழங்கால் வீங்கி, அதன்பின் எந்தப் பயணத்துக்கும் அவர் சம்மதிக்கவில்லை. அம்மா முதலில் அங்கோர் போய் வரட்டும், வெளிநாட்டுப் பயணம் பழகும். அங்கோரும் எல்லோரும் சொல்வதுபோல அவ்வளவு எளிதில்லை. உச்சி அடுக்குக்கு ஏறும் படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை. மாமியாரைக் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டுத்தான் நான் ஏறினேன். இன்னும் ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டால் அந்தப் படிகளும் எட்டாது.

தஞ்சைத் தலையாட்டி

படிகளைப் பற்றி என் நோட்டில் இல்லை, எழுதிக்கொண்டேன். இன்று மாலை இவரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆறு கிலோ என்றதும் இரவு இட்லியில் இரண்டைக் குறைத்துக்கொண்டார். விண்ணப்பம் திறந்ததும் கைலாயத்துக்குப் போடுகிறோம், பெயர் வராவிட்டால் ஜூலையில் பள்ளத்தாக்கு. அங்கோரை இந்தக் குளிர்காலமே முடிப்பதா, பணத்தைக் கைலாயத்துக்கு வைத்திருப்பதா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாதுலா வழியில் போனவர்கள் யாராவது இருந்தால், அங்கே எவ்வளவு தூரம் வண்டி போகிறது, எங்கிருந்து நடை தொடங்குகிறது என்று சொல்லுங்கள்.