புதுப்பிப்பு: நிறுத்து மின்னழுத்த வரைபடத்தில் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது

ஒளிமின் விளைவுச் சோதனையில் ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்துவிட்டு, போன வாரம் நான் கேட்டது: "கோடு நேராகத்தான் வருகிறது, ஆனால் வெளியேற்று ஆற்றல் 0.44 eV தானா?"

பென்னாகரத்து அண்ணா ஒருவர் படத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டார். நான் அதிர்வெண் அச்சை 4×10¹⁴ ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கியிருந்தேன், அதனால் கோடு இடப்பக்க அச்சை வெட்டிய இடத்துக்கு அர்த்தமே இல்லை. பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால்தான் அது வெளியேற்று ஆற்றலைக் காட்டும்.

சரி, மறுபடி கணக்குப் போட்டேன். கோட்டின் மேலேயே தள்ளித்தள்ளி இரண்டு இடம் எடுத்தேன்: 5.5×10¹⁴-இல் 0.18 வோல்ட், 8.2×10¹⁴-இல் 1.30 வோல்ட். சாய்வு 4.15×10⁻¹⁵ வோல்ட் நொடி. மின்னழுத்தம் பூஜ்ஜியமாகும் இடம் 5.07×10¹⁴, அதுதான் பயன்தொடக்க அதிர்வெண். இரண்டையும் பெருக்கினால் வெளியேற்று ஆற்றல் 2.1 eV.

கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் சாய்வுதான் h என்றார். பாதி சரி. அது h/e, எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் 6.64×10⁻³⁴ வருகிறது. உலோகத்தை மாற்றினால் கோடு இணையாக நகருமே தவிர சாய்வு மாறாது. இன்னொருவர் பல்பைப் பிரகாசமாக்கச் சொன்னார். அதனால் மின்னோட்டம்தான் கூடும், இந்தக் கோடு அசையாது.

ஒன்று மட்டும் பாக்கி. ஒளி படும் தகடும் எலக்ட்ரானை வாங்கும் தகடும் வேறு உலோகம் என்றால், அவற்றுக்கிடையே உள்ள தொடுமின்னழுத்தம் கோட்டையே மேலோ கீழோ தள்ளிவிடும் என்கிறார் அண்ணா. அப்படியானால் சாய்வை நம்பலாம், 5.07-ஐ எவ்வளவு நம்பலாம்? எங்கள் ஆய்வகக் குழாயில் அந்த இரண்டாவது தகடு என்ன உலோகம் என்று இன்னும் தெரியவில்லை.