மாலை 5.30 என்றால் எந்த ஊருக்கு 5.30?

அறக்கட்டளைச் செயலர்:
எங்கள் பழைய மாணவர் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் சென்னை, லண்டன், டொராண்டோ, சிட்னி என நான்கு ஊர்க்காரர்கள் இருக்கிறோம். மார்ச் 14 சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, 'இந்திய நேரம் மாலை 5.30' என்று மட்டும் அழைப்பு போயிற்று. டொராண்டோ உறுப்பினர் வழக்கம்போல் பத்தரை மணி நேரத்தைக் கழித்துக் காலை 7 மணிக்கே வந்துவிட்டார். ஆனால் மார்ச் 8 அன்றே அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். கூட்டம் அவருக்கு 8 மணிக்கு. விடுமுறை நாளின் தூக்கம் போன கோபத்தில் பாதிக் கூட்டம் பேசவே இல்லை. அதன் பிறகு அழைப்பை இப்படி அனுப்புகிறோம்:

*11 ஏப்ரல் 2026, சனிக்கிழமை*
*டொராண்டோ காலை 8.00 | லண்டன் பிற்பகல் 1.00 | சென்னை மாலை 5.30 | சிட்னி இரவு 10.00*
*1. கல்வி உதவித்தொகை: 25 நிமிடம். முடிவெடுக்க வேண்டும். 2 பக்கக் குறிப்பைப் படித்துவிட்டு வரவும்.*
*2. தணிக்கையாளர் மாற்றம்: 15 நிமிடம். கருத்து மட்டும்.*
*3. ஆண்டு விழா: 10 நிமிடம். தகவல் மட்டும்.*

முடிவு தேவைப்படுவது முதலில் வருவதற்குக் காரணம் சிட்னி. அவர் 10.30க்கு மேல் தாங்கமாட்டார்.

வைகைக்கரை:
இவ்வளவு எதற்கு? ஜிஎம்டி நேரத்தைப் போட்டுவிட்டால் போதுமே. லண்டன்காரருக்கு அதுதான் உள்ளூர் நேரம். மற்றவர்கள் கூட்டிக் கழித்துக்கொள்வார்கள்.

கப்பல் கணக்கர்:
குளிர்காலத்தில் நீங்கள் சொல்வது சரி. இந்த ஆண்டு மார்ச் 29 முதல் அக்டோபர் 25 வரை லண்டன் ஜிஎம்டியைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கனடா மார்ச் 8, பிரிட்டன் மார்ச் 29, சிட்னி ஏப்ரல் 5 என்று மூவரும் மூன்று தேதிகளில் மாற்றுகிறார்கள். சிட்னியில் மட்டும் அப்போது கடிகாரம் பின்னே போகும். அதனால்தான் செயலரின் மார்ச் கூட்டம் லண்டனில் பகல் 12, சிட்னியில் இரவு 11. ஏப்ரலில் லண்டன் 1, சிட்னி 10. சென்னைக் கடிகாரம் நகரவே இல்லை, ஆனால் மற்ற ஊர்களுக்கு இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று. மாதாந்திரக் கூட்டத்தைக் காலெண்டரில் லண்டன்காரர் பகல் 12 என்று போட்டுவைத்தால், அது லண்டனின் 12 மணியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மார்ச் 29க்குப் பிறகு சென்னைக்கு மாலை 4.30, டொராண்டோவுக்குக் காலை 7 என்று தானாக நகர்ந்துவிடும். எந்த ஊரை நிலையாக வைப்பது என்று குழு முடிவு செய்து, நேர மண்டலத்தில் `Asia/Kolkata` என்று தேர்ந்தெடுத்து அழைப்பை உருவாக்குவது நல்லது.

மணமகன் அப்பா:
எங்கள் வீட்டிலும் இதே பாடுதான். சனிக்கிழமை நிச்சயதார்த்தப் பேச்சு, மகன் டொராண்டோவில். காலை 9 முதல் 10.30 வரை ராகு காலம். அதைச் சென்னைக்குப் பார்ப்பதா, டொராண்டோவுக்குப் பார்ப்பதா?

அறக்கட்டளைச் செயலர்:
ஐயா, அதற்கு எங்கள் குழுவில் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்!

முன்வாசிப்பு பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வெள்ளி இரவு 10 மணிக்குச் சென்னையிலிருந்து குறிப்பை அனுப்பினால் எல்லோருக்கும் பத்தொன்பதரை மணி நேரம் கிடைப்பதுபோல்தான் தெரியும். டொராண்டோவில் அப்போது வெள்ளி பகல் 12.30. அலுவலகம் முடிந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் கூட்டம் வந்துவிடும். சிட்னிக்காரருக்கோ சனிக்கிழமை முழுவதும் ஓய்வு. உதவித்தொகைக் குறிப்பை இவர் அடிக்கோடிட்டுப் படித்திருந்தார், அவர் தலைப்பைத் தாண்டவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமையே அனுப்புகிறோம். 'வெள்ளிக்குள் கேள்விகளை எழுதவும்' என்று போடாமல், அந்தக் கெடுவையும் நான்கு ஊர் நேரத்தில் எழுதுகிறோம்.

வைகைக்கரை:
செவ்வாயில் அனுப்பினாலும் படிக்காதவர் படிக்கமாட்டார். அமேசானில் கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து குறிப்பைப் படிக்கும் வழக்கம் உண்டு. அதையே செய்யலாமே.

கப்பல் கணக்கர்:
ஒரே அறையில் இருந்தால் செய்யலாம். இரவு 10 மணிக்கு உட்கார்ந்திருப்பவரை இன்னும் பத்து நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னால் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

சிட்னித் தம்பி:
நான் அந்த அறக்கட்டளை இல்லை, ஆனால் அதே நிலைமையில் இருப்பவன். எத்தனை அழகாக நேரத்தை எழுதினாலும் இரவு 10 மணி எப்போதும் எங்களுக்குத்தானே வருகிறது? சுழற்சி முறை வேண்டும்.

அறக்கட்டளைச் செயலர்:
கணக்குப் போட்டுப் பார்த்தோம், தம்பி. உங்களுக்கு மாலை 7 என்றால் டொராண்டோவில் அதிகாலை 5. அவர் ஏற்கெனவே ஒரு முறை தூக்கம் கெட்டவர். அடுத்த கூட்டத்தில் இதை நான்காவது பொருளாகச் சேர்த்திருக்கிறேன், 'கருத்து மட்டும்' என்று.