கிட்டலையா, எட்டலையா: ரவுட்டரின் இரண்டு பட்டைகளுக்குப் பெயர்

மலர்:
ரவுட்டர் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வெறும் எண் போட்டால், கேம் ஆடும் பிள்ளைக்கு எதைத் தொடுவதென்று புரியாது. முன்னதை 'விரைபட்டை', பின்னதைத் 'தொலைபட்டை' எனலாமா?

சாதிக்:
விரைபட்டை அருமை. கேமுக்கு வேகம்தானே வேண்டும்? 5-ஐப் போட்டால் வேலை முடிந்தது.

முருகேசன்:
என் போனில் 5ஜி கிடையாது. எனக்கு இது வருமா?

இளங்கோ:
ஐயா, அது சிம் சமாச்சாரம், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

> கேமுக்கு வேகம்தானே வேண்டும்?

இங்கேதான் இடிக்கிறது சாதிக். ஆடும்போது போய்வரும் தரவு கொஞ்சம்தான், 2.4 தாராளமாகத் தாங்கும். தொல்லை நெரிசலில். 2.4-இல் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடியில் அத்தனை வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்கின்றன.

நேற்றிரவு என் ரவுட்டரையே பிங் அடித்துப் பார்த்தேன்:

```
ping -n 100 192.168.1.1
```

ஹாலில் 5-இல் பதில் வர 2, 3 மில்லிநொடி. 2.4-இல் 4, 5 என்று போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென 90. அந்த 90-தான் ஆட்டத்தில் ஆள் உறைந்து நிற்கும் நொடி. அப்படியென்றால் 5-தான் என்று பின்னறைக்குப் போனேன். இரண்டு செங்கல் சுவர் தாண்டி சிக்னல் வெறும் -79 dBm, நடுநடுவே `Request timed out`. அங்கே 2.4-தான் கைகொடுத்தது. 'விரை' என்று எழுதினால் பின்னறைப் பிள்ளையும் அதையேதான் தொடுவான். பெயர் தூரத்தைச் சொல்லட்டும்: கிட்டலை, எட்டலை.

பவித்ரா:
வாய்விட்டுப் படித்தீர்களா அண்ணா? "உங்கள் ரவுட்டரில் கிட்டலை, எட்டலை." நெட்டே வரவில்லை என்று புகார் கொடுத்துவிடுவார்கள்! போதாததற்கு வைஃபைக்கே 'அருகலை' என்று ஒரு சொல் இருக்கிறது.

தம்பி கதை வேறு. பின்னறையில் 2.4-இல் ஆடுகிறான், ப்ளூடூத் ஹெட்செட் மாட்டினால் மட்டும் திக்குகிறது. வயர் ஹெட்செட்டில் சரியாகிவிடுகிறது.

இளங்கோ:
சிரித்து மாளவில்லை, எடுத்துவிடுங்கள். ப்ளூடூத்தும் அதே 2.4-இல்தான் ஓடுகிறது, அதுதான் தம்பியின் சிக்கல்.

சாதிக்:
வேகத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 'பட்டை' என்றதும் பிரியாணிதான் நினைவுக்கு வருகிறது. அலைக்கற்றை?

மலர்:
அது 2ஜி ஏலத்தோடு ஸ்பெக்ட்ரத்துக்குப் போய்விட்டது. பட்டையே இருக்கட்டும். இப்போதைக்கு 'அண்மைப்பட்டை (5)', 'சேய்மைப்பட்டை (2.4)' என்று போடுகிறேன். சேய்மை கொஞ்சம் புலவர் வாடைதான், வேறு தோன்றினால் சொல்லுங்கள்.

முருகேசன்:
எங்கள் வீட்டில் வைஃபை பெயர் ஒன்றே ஒன்றுதான் காட்டுகிறது. எதை அண்மை என்பது?

இளங்கோ:
இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்திருப்பார்கள் ஐயா, போன் தானே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அமைப்பில் பிரித்து, 5-க்கு வேறு பெயர் வையுங்கள். மலர், அந்தப் 'பிரி' பொத்தானுக்கும் ஒரு சொல் வேண்டுமே?