ஐந்தரை வட்டியா, ஒன்பதேகால் வட்டியா? முதல் கார் கடன், எங்கள் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை ராசு:
முதல் கார் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஏமாற இருந்த கதையைச் சொல்கிறேன். ஷோரூமிலேயே மேஜை போட்டிருந்த பைனான்ஸ்காரர், ஆறு லட்சத்துக்கு ஐந்தரை வட்டி, ஏழு வருஷம் என்றார். பேங்கில் 9.25 என்றார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஷோரூமில் கையெழுத்துப் போடவே கிளம்பிவிட்டேன். பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் சித்தப்பாதான் நிறுத்தினார். "வட்டியை விடுடா, ஒரே ஏழு வருஷத்துக்கு மாசம் எவ்வளவு என்று ரெண்டு பேர்கிட்டயும் கேளு" என்றார். கேட்டேன். ஷோரூம் 9,893 ரூபாய். பேங்க் 9,730. ஐந்தரை எப்படி ஒன்பதேகாலைத் தாண்டியது?

வேலந்தாவளம் அக்கா:
பேங்கில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவர் சொன்னது பிளாட் ரேட், தம்பி. ஆறு லட்சத்துக்கு ஐந்தரை வீதம் ஏழு வருஷ வட்டி 2,31,000. அதை அசலோடு கூட்டி 84-ஆல் வகுத்திருக்கிறார். அதாவது மாசம் 2,750 ரூபாய் வட்டி, முதல் மாசமும் அதேதான், கடைசி மாசமும் அதேதான். கடைசித் தவணையின்போது உங்கள் பாக்கி பத்தாயிரம்கூட இருக்காது. ஆனால் வட்டி முழு ஆறு லட்சத்துக்கு! பேங்க் கணக்கில் முதல் மாசம் வட்டி 4,625, பாக்கி குறையக் குறைய அதுவும் இறங்கும். ஒரே அளவுகோலில் வைத்தால் அந்த ஐந்தரை கிட்டத்தட்ட 9.8. 2024 அக்டோபர் முதல் கடன் கொடுப்பவர்கள் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். பிராசசிங் கட்டணமும் கடனோடு தலையில் கட்டுகிற இன்சூரன்சும் சேர்ந்த வட்டி அது. வாயால் சொல்லும் வட்டியைக் காதில் வாங்காமல் அந்த வரியைப் பாருங்கள்.

நாட்டுக்கல் மணி:
பொள்ளாச்சி ஷோரூமில் எடுத்தால் டிஎன் நம்பர் போடலாமா? வரி மிச்சமாகுமா?

கொழிஞ்சாம்பாறை ராசு:
மணி அண்ணா, இங்கே பேச்சு வட்டியைப் பற்றி. குடியிருப்பும் ஓட்டுவதும் இந்தக் கேரளப் பக்கம் என்றால் கேஎல் நம்பரே போடுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓடினால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

சித்தூர் வாத்தியார்:
நான் ஏழு வருஷம் போட்டவன். மாசத் தவணை குறைவு என்ற ஒரே காரணம். மூன்று வருஷத்தில் பெரிய கார் தேவைப்பட்டு விற்கப்போனேன். மூன்றரை லட்சம் கட்டி முடித்திருந்தேன். பாக்கி எவ்வளவு என்று கேட்டால் 3,89,000 என்றார்கள். வயிறு எரிந்தது. விற்ற பணத்தில் கடனை முடித்து, முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் கட்டிய பிறகு புதுக் காருக்கு முன்பணமே மிஞ்சவில்லை.

வேலந்தாவளம் அக்கா:
ராசு சொன்ன அதே ஆறு லட்சம், 9.25 என்றால், ஐந்து வருஷத்துக்கு மாசம் 12,528. மூன்று வருஷத்தில் பாக்கி 2,74,000தான் நின்றிருக்கும். மொத்த வட்டியும் 2,17,000-லிருந்து 1,52,000-க்கு இறங்கும். மாசம் 2,800 கூடுதலாகக் கட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கோபாலபுரம் செல்வன்:
முன்பணம் அதிகம் கட்டுவது முட்டாள்தனம். கூடுதலாக ஒரு லட்சம் கடன் வாங்கினால் ஐந்து வருஷ வட்டி 25,000. அதே லட்சத்தை 6.5-க்கு எஃப்டி போட்டால் 38,000 வருகிறது. 13,000 லாபம்!

வேலந்தாவளம் அக்கா:
கணக்குச் சரி, ஒப்பீடுதான் தப்பு. அந்த லட்சத்துக்காக மாசம் 2,088 ரூபாய் கையை விட்டுப் போகிறதே, அதை எங்கே எழுதினீர்கள்? லட்சத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு, மிச்சமாகும் 2,088-ஐ அதே 6.5-க்கு மாசாமாசம் ஆர்டி போடுங்கள். ஐந்து வருஷக் கடைசியில் ஏறக்குறைய 1,47,000. உங்கள் எஃப்டியோ 1,38,000. கடன் வட்டி எஃப்டி வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை இப்படித்தான் வரும்.

கோபாலபுரம் செல்வன்:
ஆர்டியை ஒழுங்காகப் போடுகிறவர் யாருங்க? பணம் கையில் இருந்தால்தான் பணம்.

கொழிஞ்சாம்பாறை ராசு:
இந்த விஷயத்தில் நான் செல்வன் பக்கம் சாய்ந்தேன். பேங்கிலேயே ஐந்து வருஷத்துக்கு எடுத்தேன். ஆனால் ஒரு லட்சத்தை முன்பணத்தில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது. அக்கா கணக்குப்படி ஐந்து வருஷத்தில் ஒன்பதாயிரம் நஷ்டம். இருக்கட்டும்.

நாட்டுக்கல் மணி:
முன்பணத்துக்கு நகையை வைக்கலாமா? வீட்டில் பத்துப் பவுன் சும்மாதான் கிடக்கிறது.

வேலந்தாவளம் அக்கா:
அது முன்பணம் இல்லை மணி, இரண்டாவது கடன். நகைக்கடன் வட்டி காரை விடக் குறைவாகவே கிடைத்தாலும், பெரும்பாலும் ஒரு வருஷத்தில் திருப்பவோ மாற்றி வைக்கவோ சொல்வார்கள். கார் தவணையோடு அதையும் இழுக்க முடியுமா? முதலில் வீட்டில் கேட்டீர்களா?

நாட்டுக்கல் மணி:
இன்னும் கேட்கவில்லைங்க.