அரிசிக்கு அரிசி: கோதுமை ஹதீஸை வைத்து கியாஸ் செய்யலாமா?

நெல்மண்டி: தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு. ஒரே இனத்தை மாத்தும்போது சமத்துக்குச் சமமா, கைக்குக் கை இருக்கணும்னு ஹதீஸில் சொன்னது இந்த ஆறைத்தான். 10 கிலோ பழைய அரிசிக்கு 12 கிலோ புது அரிசி மாத்தினா அது எப்படி ரிபாங்கிற வட்டி ஆகும்?

கீழக்கரை ஷாஃபிஈ: கோதுமையின் சட்டம் நேரடியாக ஹதீஸில் இருக்கிறது, அதுதான் அஸ்ல். அதோடு ஒப்பிடப்படும் அரிசி ஃபர்உ. கோதுமை ஏன் தடுக்கப்பட்டது என்ற இல்லத்தைக் கண்டுபிடித்து, அது அரிசியிலும் குறையாமல் இருந்தால் சட்டம் அரிசிக்கும் வரும், இதுதான் கியாஸ். எங்கள் மத்ஹபில் அந்த இல்லத் உணவு என்பது. எனவே கூடாது.

சலீம்_78: ரிபாவைத் தடுத்ததே அநியாயம் நடக்கக் கூடாதுன்னுதானே பாய்? ரெண்டு பேரும் மனசார மாத்திக்கிட்டா இல்லத்தே இல்லையே.

தஞ்சை ஹனஃபி: நீங்கள் சொல்வது ஹிக்மத், இல்லத் அல்ல. அநியாயம் தடுக்கப்படுவது நோக்கம் என்பது சரி. ஆனால் ஆளுக்கு ஆள் மாறுவதை வைத்துச் சட்டம் கட்ட முடியாது. இல்லத் வெளிப்படையாகவும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். தொழுகையைச் சுருக்கப் பயணம்தான் இல்லத், சிரமம் அல்ல. வெயிலில் மூட்டை தூக்குபவர் ஊரில் இருந்தால் நான்கு ரக்அத்தான். சொகுசாகப் பயணம் போகிறவருக்கு இரண்டு.

அரிசியில் முடிவு எங்களுக்கும் அதேதான், இல்லத் மட்டும் வேறு: ஒரே இனமாக இருந்து, அளந்தோ நிறுத்தோ விற்கப்படுவது. வித்தியாசம் வேறு பொருளில் தெரியும். 10 கிலோ இரும்புக்கு 12 கிலோ இரும்பு எங்களிடம் கூடாது, ஷாஃபிஈகளான உங்களிடம் கூடும். 2 முட்டைக்கு 3 முட்டை கைக்குக் கை மாற்றினால் எங்களிடம் கூடும், உங்களிடம் கூடாது.

நூர்ஜஹான்: நான் பழைய நகை 8 கிராம் கொடுத்து புதுசு 7 கிராம் வாங்கினேன். இதுவும் கியாஸா?

கீழக்கரை ஷாஃபிஈ: இல்லை சகோதரி. தங்கம் ஹதீஸிலேயே இருக்கிறது, கியாஸுக்கு வேலையில்லை. பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகு, அந்தப் பணத்தில் புதியதை வாங்க வேண்டும். மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு ஸாஉ கொடுத்து நல்லது ஒரு ஸாஉ வாங்கிய பிலால் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) காட்டிய வழியும் இதுதான்.

நெல்மண்டி: சரி, இல்லத் உணவுதான்னு எப்படித் தெரியும்? கியாஸையே ஏத்துக்காத இமாம் இப்னு ஹஸ்ம் ஆறோடு நிறுத்திட்டாரே.

கீழக்கரை ஷாஃபிஈ: ஸஹீஹ் முஸ்லிம் நூலில் மஃமர் (ரலி) அறிவிப்பு: 'உணவுக்கு உணவு, சமத்துக்குச் சமம்'. உணவு என்ற தன்மையோடு சேர்த்துச் சட்டம் சொல்லப்பட்டதால் அதுவே காரணம் என்று எடுக்கிறோம்.

தஞ்சை ஹனஃபி: அந்த அறிவிப்பிலேயே 'அன்று எங்கள் உணவு வாற்கோதுமைதான்' என்று மஃமர் (ரலி) சொல்கிறாரே. அப்படியானால் அது பொதுவான உணவைக் குறிக்கவில்லை.

நெல்மண்டி: பொதுவா எல்லா உணவையும் குறிக்குதுன்னா இன்னும் சிக்கல். அரிசிக்கு நேரடி ஆதாரம் வந்துடுச்சு. நஸ் இருக்கிற ஃபர்உவில் கியாஸ் எதுக்கு?

கீழக்கரை ஷாஃபிஈ: அதை இல்லத்தை அடையாளம் காட்டும் குறிப்பாகத்தான் எடுக்கிறேன்.

நெல்மண்டி: ஒரே வாசகத்தை வசதிக்கு ஏத்த மாதிரி ரெண்டு விதமா வாசிக்கிறீங்க பாய்.