மார்ஜின் போதவில்லை என்று திரும்பிய ஆர்டரை மீண்டும் மீண்டும் அனுப்பியதால் வந்த சிக்கல்: உதவி தேவை

கேள்வி (வைகைக்கரை):

வணக்கம். நிஃப்டி வார ஆப்ஷனில் ஒரு லாட் புட் ஸ்ப்ரெட் எடுக்க, பைத்தானில் ஒரு நிரல் எழுதிப் பயன்படுத்துகிறேன். 25,500 புட்டை விற்று 25,300 புட்டை வாங்குவதே திட்டம். கணக்கில் ரூ. 60,000 இருக்கிறது. இரண்டு ஆர்டர்களையும் நிரல் ஒரே நேரத்தில் அனுப்பும். ஏதேனும் ஒன்று ரிஜெக்ட் ஆனால் ஒரு விநாடி கழித்து அதையே மீண்டும் அனுப்பும். பெரும்பாலான நாட்களில் விற்கும் ஆர்டர் முதல் முறை "மார்ஜின் போதவில்லை" என்று திரும்பினாலும் இரண்டாவது முறை ஏற்கப்பட்டுவிடுவதால், மறுமுயற்சி சரியாக வேலை செய்கிறது என்றே நம்பியிருந்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அது ஏற்கப்படவே இல்லை. நிரல் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததால் புரோக்கர் அன்றைய தினத்துக்கு என் ஏபிஐ அணுகலை நிறுத்திவிட்டார். வாங்கிய புட் மட்டும் கையில் தங்கி, மாலை வரை மதிப்பிழந்துகொண்டே போனது. மறுமுயற்சிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதே என் கேள்வி.

பதில் (கணினிக்காரன்_கோவை):

இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள். 1, 2, 4, 8 விநாடி என்று நீண்டால் புரோக்கரின் வேக வரம்பைத் தொட மாட்டீர்கள். கையில் தங்கிய புட்டை விற்க 5 பைசாவுக்கு லிமிட் ஆர்டர் போடுங்கள். சந்தையில் இருக்கும் சிறந்த விலைக்கே அது விற்றுவிடும்.

பதில் (பழைய_டீலர்):

இடைவெளியை நீட்டினால் அணுகல் தடைபடாமல் போகலாமே தவிர, ஆர்டர் ஏற்கப்படாது. ரிஜெக்ட் என்பது ஒரு முடிவான பதில். எதையும் மாற்றாமல் அதே ஆர்டரை அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

மற்ற நாட்களில் இரண்டாவது முறை ஏன் ஏற்கப்பட்டது என்று பாருங்கள். 25,500 புட்டைத் தனியாக விற்க ஒரு லட்சத்துக்கு மேல் மார்ஜின் வேண்டும். அந்த ஒரு விநாடிக்குள் உங்கள் 25,300 புட் வாங்கப்பட்டு விட்டதால், புரோக்கரின் ரிஸ்க் பிரிவு அதை ஹெட்ஜாகக் கணக்கில் எடுத்து, தேவையான மார்ஜினைக் குறைத்துவிட்டது. ஆக, மறுமுயற்சி உங்களைக் காப்பாற்றவில்லை, ஆர்டர்களின் வரிசை தற்செயலாகச் சரியாக அமைந்ததே காப்பாற்றியது. வாங்கும் ஆர்டரை முதலில் அனுப்பி, அது முழுமையாக நிறைவேறியதை உறுதி செய்தபின் விற்கும் ஆர்டரை அனுப்பினால் இந்த முதல் ரிஜெக்ட்டே வராது. வெளியேறும்போது வரிசை தலைகீழாக வேண்டும்: விற்றதை முதலில் திரும்ப வாங்கிவிட்டு, பிறகு ஹெட்ஜை விற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்தது வேறு. அன்று நிஃப்டியின் எக்ஸ்பைரி. 2024 நவம்பர் 20 முதல், அன்றே முடியும் இண்டெக்ஸ் ஆப்ஷனை விற்றிருந்தால் ஒப்பந்த மதிப்பில் கூடுதலாக 2% மார்ஜின் பிடிக்க வேண்டும் என்பது செபியின் விதி. 25,500-ஐ ஒரு லாட்டின் அளவான 65-ஆல் பெருக்கினால் ரூ. 16,57,500 வருகிறது, அதில் 2% ஏறத்தாழ ரூ. 33,000. மற்ற நாட்களில் உங்கள் ஸ்ப்ரெட்டுக்கு எவ்வளவு மார்ஜின் பிடிக்கிறார்கள்?

வைகைக்கரை:

மிக்க நன்றி ஐயா. செயலியில் சுமார் ரூ. 47,000 காட்டும். அப்படியானால் எக்ஸ்பைரி அன்று 80,000 ஆகிவிடுகிறது. 60,000-ஐ வைத்துக்கொண்டு நாள் முழுவதும் முயன்றாலும் அது நடந்திருக்காது என்பது இப்போது புரிகிறது.

கோவை நண்பர் சொன்ன 5 பைசா ஆர்டரை நானும் அன்றே செயலியின் வழியாகப் போட்டேன். விலை அனுமதிக்கப்பட்ட வரம்புக்கு வெளியே இருப்பதாக அதுவும் திரும்பிவிட்டது. அப்போது அந்த புட் 41 ரூபாய் அளவில் இருந்தது.

பழைய_டீலர்:

அது பரிமாற்றகத்தின் மறுப்பு. ஒரு காலத்தில் 5 பைசா உத்தி வேலை செய்தது உண்மைதான். இப்போது ஆப்ஷன்களில் நாள் முழுவதற்குமான விலை வரம்பு போக, அப்போதைய விலையை ஒட்டிய குறுகலான வரம்பும் உண்டு. அதைத் தாண்டிய லிமிட் விலை ஏற்கப்படாது. ஆகவே ஏலப் பட்டியலில் முதல் வாங்குபவரின் விலையைப் பாருங்கள். அது 41.30 என்றால் 40.80-க்கு விற்கப் போடுங்கள். விலை 5 பைசாவின் மடங்காக இருக்கட்டும். இந்த வகை மறுப்புக்கு மறுமுயற்சி செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக விலையைப் படித்த பிறகே செய்ய வேண்டும்.

மார்ஜினுக்கோ, ஆர்டர் போகும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கைட் கனெக்ட்டில் என்றால் இப்படி:

```python
m = kite.basket_order_margins(legs, consider_positions=True)
free = kite.margins("equity")["net"]
if m["final"]["total"] > free:
    skip_today("margin")
```

இதை வாங்கும் ஆர்டருக்கு முன்பே ஓட்ட வேண்டும். வாங்கிய பிறகு தெரிந்துகொண்டால், செவ்வாயன்று போலவே ஹெட்ஜ் மட்டும் கையில் தங்கும்.

பதில் (தறிநெசவு):

எனக்கும் இதே தொல்லை இருந்தது. நிரலில் அளவை 75 என்று எழுதி வைத்திருந்தேன். 2025 டிசம்பர் 30 எக்ஸ்பைரியோடு அந்த லாட் முடிந்து 65 ஆனதும் எல்லா ஆர்டர்களும் திரும்பின. 65 என்று திருத்தினேன். அதன் பிறகும் 30 லாட், அதாவது 1,950 அனுப்பியபோது மறுக்கப்பட்டது. லாட்டின் மடங்காக இருந்தும் ஏன் மறுக்கிறார்கள் என்று இன்னும் தெளிவாகவில்லை.

பழைய_டீலர்:

உங்களுடையது வேறு வகைச் சிக்கல். நிஃப்டியில் ஓர் ஆர்டருக்கான உச்ச அளவு 1,800. அது 25-க்கும் 75-க்கும் மீதமின்றி வகுபடும், 65-க்கு வகுபடாது. ஆகையால் 27 லாட், அதாவது 1,755 வரைதான் ஒரே ஆர்டரில் போகும். உங்கள் 1,950-ஐ 1,755, 195 என்று இரண்டாக அனுப்புங்கள். லாட் அளவை நிரலில் எழுதாமல், தினமும் காலையில் வெளியாகும் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனியாக எடுங்கள். மாற்றம் வரும் வாரங்களில் ஒரே நிஃப்டிக்கு இரண்டு லாட் அளவுகள் ஒருங்கே புழக்கத்தில் இருக்கும்.

கணினிக்காரன்_கோவை:

5 பைசா பற்றி நான் சொன்னது பழைய வழக்கம், ஏற்கிறேன். ஆனால் இணைய இணைப்பு அறுந்து, பதிலே வராத நேரத்தில் இடைவெளி விட்டு மறுபடி அனுப்பத்தானே வேண்டும்?

பழைய_டீலர்:

அங்கேதான் அதிக கவனம் வேண்டும். பதில் வரவில்லை என்பதால் ஆர்டர் போகவில்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாளக் குறி இட்டு, முதலில் ஆர்டர் புத்தகத்தில் அதைத் தேடுங்கள். சில விநாடிகள் விட்டு மறுபடி தேடியும் இல்லையென்றால் மட்டும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு லாட் இரண்டாகிவிடும்.

வைகைக்கரை:

வரிசையையும் முன்கணக்கையும் மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. திங்கட்கிழமை எடுத்த ஸ்ப்ரெட்டை செவ்வாய்க்குக் கொண்டுபோனால், இந்தக் கூடுதல் 2% காலையிலேயே பிடிக்கப்படுமா? திங்கள் மாலைக் கணக்கில் அது தெரியுமா?

பழைய_டீலர்:

நாள் தொடங்கும்போது கையில் உள்ள விற்பனைக்கும் அது பொருந்தும். ஆனால் முந்தைய மாலையே அதைக் காட்டுவது ஒவ்வொரு புரோக்கரின் ஏற்பாட்டைப் பொறுத்தது. உங்கள் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு, அவர்கள் தரும் பதிலை இங்கே பதிவிடுங்கள். அதுவரை திங்கள் மாலை ரூ. 80,000-க்குக் குறைவாக இருந்தால் ஸ்ப்ரெட்டை முடித்துவிடுங்கள்.